மார்த்தாண்டத்து வீடு முக்கடலில் மிதக்கிறது

வீட்டு எண் 7/112, ஏதோ ஒரு விளை, ஏதோ ஒரு அஞ்சல், மார்த்தாண்டம் வழி, கன்னியாகுமரி மாவட்டம். விளவங்கோடு பக்கத்து முகவரிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தபால்காரருக்கு இது போதும். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும் மென்பொருளுக்குப் போதாது. அந்த விளையை அது கேள்விப்பட்டதில்லை. தெரிந்த பெயரைத் தேடிக் கடைசியில் 'கன்னியாகுமரி'யைப் பிடித்துக்கொண்டால், மாவட்டத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர் என்பதால், புள்ளி விவேகானந்தர் பாறைக்கு எதிரே போய் விழும். மார்த்தாண்டத்துக்கும் அதற்கும் நேர்கோட்டிலேயே 40 கிலோமீட்டருக்கு மேல்.

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஆறு தசம இலக்கத்தோடு ஓர் எண்ணை நீட்டுகிறது! ஆறாவது தசமம் என்பது தரையில் சுமார் 11 சென்டிமீட்டர், அரைச் சாண். அவ்வளவு நுணுக்கமாக வந்த எண் எப்படித் தப்பாகும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். இலக்கம் நீளமாக இருப்பது வேறு, இடம் சரியாக இருப்பது வேறு.

மேலைநாட்டு நகரங்களுக்கு ஏற்ற ஒரு வழக்கம் உண்டு. தெருவின் ஒரு முனை 1, மறுமுனை 99 என்றால், 50-ஆம் எண் நடுவில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்வது. நாகர்கோவிலின் பழைய தெருக்களில் அது ஓரளவு செல்லலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் தெருவில் வரிசை பிடித்து நிற்பதில்லை. அவரவர் தோப்புக்குள் தனித்தனியாக இருக்கின்றன. 7/112-இல் முதலில் இருப்பது வார்டு, அடுத்தது வரிப் பதிவேட்டு எண். 113 பக்கத்து வீடாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அஞ்சல் குறியீட்டை நம்பினாலோ, பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே புள்ளிதான் கிடைக்கும்.

இந்தத் தவறு எங்கே வலிக்கும் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு, வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. ஒரு வீடு பள்ளியிலிருந்து 700 மீட்டரில் இருக்கிறது, புள்ளி மட்டும் அஞ்சல் பகுதியின் நடுவில், 1.6 கிலோமீட்டரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியை உருண்டையாகக் கொண்டு தூரம் கணக்கிடும் வாய்பாட்டில், 1 கிலோமீட்டருக்குப் பிழை 10 மீட்டர்கூட வராது. ஆனால் அதற்குக் கொடுத்த புள்ளியே 900 மீட்டராவது தள்ளி இருக்கிறது. கணக்கு சரி, பிள்ளை வெளியே.

புள்ளி இப்படித் தள்ளிப் போனதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கூகுளின் சேவை ஒவ்வொரு விடையோடும் `location_type` என்று ஒன்றைத் தருகிறது. `ROOFTOP` என்றால் குறிப்பிட்ட கட்டடம். `APPROXIMATE` என்றால் உத்தேசம். முகவரியில் பாதிதான் பொருந்தியது என்றால் `partial_match` வரும். பலர் அட்டவணையில் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அப்போதும் ஒரு தடயம் மிஞ்சும்: இருபது முப்பது வீடுகளுக்கு ஒரே புள்ளி. இத்தனை குடும்பமும் ஒரே கூரையின் கீழா வாழ்கிறது?

உத்தேசம் என்று வந்த வரிசைகளில் தூரம் அளக்கவே கூடாது. அவற்றைத் தனியே ஒதுக்கி, வீட்டு வாசலில் நின்று கைபேசியில் புள்ளி எடுத்துத் தரும்படி வீட்டுக்காரரிடமே கேட்க வேண்டும்.