612 காணொளிகளும் ஐந்து குவியல்களும்

டிசம்பர் பிறந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: “இந்த வருசத்து வீடியோ எல்லாத்தையும் சேர்த்து ஒரு படம் பண்ணுவோமே!” எல்லாரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள். வேலை மட்டும், கைப்பேசியைக் கொஞ்சம் நன்றாகக் கையாளத் தெரிந்த ஒருவர் தலையில் வந்து விழும். எங்கள் வீட்டில் அந்தத் தலை என் அக்கா மகனுடையது.

நாங்கள் மலாக்கா மாநிலத்துக்குள்ளேயே சிதறிக் கிடக்கும் குடும்பம். பெற்றோர் வீடு ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். நான் ஆயர் குரோவில், அக்கா செங்கில், தம்பி வேலைக்காகச் சிங்கப்பூரில். கடந்த ஆண்டு முழுக்க எல்லார் கைப்பேசியிலும் சேர்ந்தவற்றைத் திரட்டியபோது 612 காணொளித் துண்டுகள் இருந்தன. அக்கா மகன் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, நீளமானவற்றைக் குறைத்து, முதல் படத்தை முடித்தான். 22 நிமிடம் ஓடியது.

அதில் முதல் ஐந்து நிமிடத்தைத் தைப்பூசமே எடுத்துக்கொண்டது. பிறகு சன்னாசிமலை ஆண்டவர் கோவில் மாசி மகம், பள்ளி விளையாட்டுப் போட்டி, ஒரு கல்யாணம். ஆகஸ்டில் அப்பா காலமானார். அதற்குப் பிறகு தீபாவளிகூட எங்கள் வீட்டில் கிடையாது, துக்க வருடம். படத்தின் பின்பாதியில் காட்ட ஏதுமில்லை. ஆகஸ்ட் வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

தேதி வரிசையில் இருக்கும் சிக்கல் இதுதான். நாம் சீராகப் படம் எடுப்பதில்லை. திருவிழா அன்று ஒரே மணி நேரத்தில் 40 துண்டு எடுப்போம், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒன்றுகூட எடுக்க மாட்டோம். ஆகவே தேதிப்படி அடுக்கினால் வருவது விழாப் பட்டியல்தானே தவிர குடும்பத்தின் ஆண்டு அல்ல. அந்த ஆண்டில் ஒரு மரணம் இருந்தால், படம் முழுவதும் அதை நோக்கியே நடக்கும்.

இன்னொன்று, அந்தத் தேதியையும் நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி வந்த காணொளியின் பெயரைப் பாருங்கள். VID-20250318-WA0007.mp4 என்பது போல இருக்கும். நடுவில் இருப்பது அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. தைப்பூசத்தில் எடுத்ததை மாமா மார்ச்சில் அனுப்பியிருந்தால் காவடி மார்ச்சில் போய் நிற்கும். அதோடு வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆகவே உறவினர்களிடம் கேட்கும்போது, காணொளியாக அனுப்பாமல் Document என்ற தேர்வின் வழி அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த தரத்திலேயே வந்து சேரும்.

சரி, தேதி இல்லையென்றால் எதை வைத்து அடுக்குவது? உலக அளவில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2010 ஜூலை 24 அன்று உங்கள் வாழ்க்கையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று யூடியூப் வழி கேட்டார்கள். 192 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 80,000 துண்டுகள், 4,500 மணி நேரம் வந்து குவிந்தன. இயக்குநர் கெவின் மெக்டொனால்டும் படத்தொகுப்பாளர் ஜோ வாக்கரும் அவற்றை ‘லைஃப் இன் எ டே’ என்ற ஒன்றரை மணி நேரப் படமாக்கினார்கள். எல்லாமே ஒரே நாளில் எடுத்தவை என்பதால் தேதி அவர்களுக்கு உதவவே இல்லை. பார்வையாளர் குழு ஒன்று ஒவ்வொரு துண்டையும் பார்த்து, அதில் என்ன நடக்கிறது என்று குறிச்சொல் எழுதி, நட்சத்திர மதிப்பெண் போட்டது. படத்தில் பல நாட்டு மனிதர்கள் அடுத்தடுத்து கண்விழிப்பதும் முகம் கழுவுவதும் அப்படிப் பிரித்ததால்தான் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

அதையே நாங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தோம். மூன்று இரவுகள் உட்கார்ந்து 612 துண்டுகளையும் ஒலியோடு ஒரு முறை பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி: என்ன நடக்கிறது, யார் இருக்கிறார், என்ன சத்தம் கேட்கிறது. நிகழ்ச்சியின் பெயரை எழுதக்கூடாது என்பது மட்டும் விதி. “பொங்கல்” என்று எழுதாமல் “அம்மா விறகைத் தள்ளுகிறார்” என்று எழுத வேண்டும். நிகழ்ச்சியின் பெயரை எழுதினால் சுற்றிவளைத்துப் பழையபடி தேதிக்கே வந்துவிடுவோம்.

மூன்றாம் நாள் நோட்டைப் படித்தபோது சில வரிகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. அவைதான் குவியல்கள். “அன்பு”, “மகிழ்ச்சி” போன்ற தலைப்புகள் இதற்கு உதவாது, எல்லாத் துண்டும் அதில் அடங்கிவிடும். கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ ‘இது இருக்கிறது, இல்லை’ என்று சொல்ல முடிகிற பொருளாக இருக்க வேண்டும். ஆறு துண்டுகூடத் தேறாத குவியலைக் கைவிட்டோம். நாற்பதைத் தாண்டியதை இரண்டாக உடைத்தோம். “கை” என்ற குவியலில் 64 துண்டுகள் சேர்ந்தன. உற்றுப் பார்த்தால் அதில் 47 வேலை செய்யும் கைகள், 17 அடுத்தவர் தலையைத் தொடும் கைகள். அப்பா பேரப்பிள்ளைகளுக்குத் திருநீறு பூசுவது, அக்கா மகளுக்குப் பின்னல் போடுவது, என் மகள் அம்மாவின் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது. இப்படி ஒரு குவியல் எங்கள் கைப்பேசிகளில் இருந்தது என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. வேலை செய்யும் கைகள் 47 என்பது அப்போதும் அதிகம்தான். ஆனால் எல்லாம் ஒரே சாடையில் இருந்ததால் அதை மேலும் உடைக்கவில்லை.

கடைசியில் ஐந்து குவியல்கள் நின்றன: வாசல், வேலை செய்யும் கை, தலை தொடும் கை, தகரக் கூரையில் மழை, “சாப்டியா?” கடைசிக் குவியல் முழுக்க ஒலியை வைத்தே பிடித்தது. பேசுவது யாராக இருந்தாலும், சிங்கப்பூரிலிருந்து வரும் காணொளி அழைப்பாக இருந்தாலும், அந்த ஒரு சொல் 22 துண்டுகளில் கேட்டது.

ஒரே துண்டு இரண்டு குவியலுக்குப் பொருந்தலாம். கூகுள் ஃபோட்டோஸில் ஒரு துண்டை எத்தனை ஆல்பத்தில் போட்டாலும் அசல் ஒன்றுதான். சில கைப்பேசிகளின் கேலரியிலோ ஆல்பம் என்பது உண்மையில் ஒரு கோப்புறை. அங்கே ‘நகர்த்து’ என்று அழுத்தினால் துண்டு பழைய இடத்திலிருந்து போய்விடும். முதலில் ஒன்றை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. குவியலுக்கு 55 விநாடி கொடுத்தால் 275 ஆயிற்று. மீதி 25 தொடக்கத்துக்கும் முடிவுக்கும். ஒரு துண்டுக்கு சராசரி நான்கு விநாடி என்றால் குவியலுக்குச் சுமார் 14 துண்டுகள்தான் இடம் பிடிக்கும். 612-இல் ஏறக்குறைய 70 மட்டும். இந்தக் கணக்கை முதலிலேயே சுவரில் ஒட்டிவிட்டால், “என்னுடையதை ஏன் எடுத்தீர்கள்?” என்ற சண்டை பாதியாகக் குறையும்.

குவியலுக்குள் வரிசை எப்படி? தலைப்பு எழுதாமலே பொருள் புரியவைக்கும் துண்டு முதலில். ஒரே நாளில் எடுத்த இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. ஆள் மாற வேண்டும், அசைவு ஒத்துப்போக வேண்டும்: அப்பா கதவை இழுத்துச் சாத்துகிறார், அடுத்து அக்கா வீட்டு இரும்புக் கேட் சறுக்கி மூடுகிறது. கடைசித் துண்டு சற்று நீளமாக, அதன் சொந்தச் சத்தத்தோடு. குழந்தை நடக்கக் கற்றது, வீடு கட்டியது போல வளர்வதைக் காட்டும் பொருளுக்கு மட்டும் குவியலுக்குள் தேதி வரிசையே சரி.

நிற்க வைத்து எடுத்த துண்டுகளைத் தொலைக்காட்சியில் போட்டால் இரு பக்கமும் கறுப்பாக இருக்கும். குவியலாகப் பிரித்தபின் இதற்கு எளிய வழி உண்டு. ஒரே பொருளில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திரை ஏறக்குறைய நிரம்பிவிடும். மூன்று ஊர்களில் மூன்று கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும் என்பது ஒரு காரணம். பாட்டு பேச்சை விழுங்கிவிடும் என்பது பெரிய காரணம். தோட்ட வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் ஒரே துண்டில் இரண்டு நிமிடம் இருந்தது. அதையே மெல்லிய ஒலியில் படத்தின் அடியில் ஓடவிட்டோம்.

முடிக்குமுன் நோட்டில் ‘யார்’ என்ற பகுதியை எண்ணிப் பாருங்கள். எங்கள் 612-இல் அப்பா 83, அம்மா 11. அம்மாதான் பெரும்பாலும் கைப்பேசியைப் பிடித்திருந்தார். அந்த 11-இல் 7 படத்துக்குள் வந்தன. நான்கில் முகம் இல்லை, குரல் மட்டும். மருத்துவமனையில் எடுத்த ஏழு துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தோம். அவற்றை வைப்பதா அழிப்பதா என்பது அம்மா சொல்ல வேண்டியது.

இப்போது அப்பா ஐந்து குவியலிலும் இருக்கிறார். ஆகஸ்ட் என்று ஒரு சுவர் படத்தில் இல்லை. அதற்காக மரணத்தை மறைக்கவும் இல்லை. வாசல் குவியலில் ஒவ்வொரு தடவையும் இருவர் நின்று கையசைக்கிறார்கள். கடைசித் துண்டு டிசம்பரில் எடுத்தது, பன்னிரண்டு விநாடி. அம்மா தனியாக நிற்கிறார். “மெதுவா ஓட்டிட்டுப் போ” என்கிறார். அதுவரை அதைச் சொன்னது அப்பா.

படத்தை அம்மா இரண்டு முறை பார்த்தார். பிறகு, “அந்த மழைச் சத்தம் முழுசா இருக்கா?” என்று கேட்டார்.

படம் முடிந்ததும் குவியல்களைக் கலைத்துவிடாதீர்கள். 2025 என்ற கோப்புறை டிசம்பரோடு மூடிவிடும், “வாசல்” மூடாது. எங்களுடையதில் ஜனவரி முதல் வாரத்திலேயே புதிதாக இரண்டு துண்டுகள் சேர்ந்துவிட்டன.