கனிக்கு முன்னே காசு



மாசி பிறந்ததும் மாந்தோப்பு உரிமையாளர் ஒருவரின் அறிவிப்பு உங்கள் கைபேசிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். "இன்றே பணம் கட்டினால் 5 கிலோ பெட்டி 600 ரூபாய், பருவத்தில் 900 ரூபாய். விளைச்சல் பொய்த்தால் பணம் திரும்பாது. நட்டத்திலும் நீங்கள் பங்காளி." இவ்வியாபாரம் ஆகுமா?

முன்கூட்டியே விலை கொடுப்பது குற்றமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்னரே கனிகளுக்குப் பணம் கொடுத்து வந்தனர். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவு, எடை, தவணை தெளிவாக இருக்கவேண்டுமென வரம்பிட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. இதுவே 'ஸலம்' எனும் வணிகம்.

இதில் இரு தரப்பாரும் பகிர்வது விலையின் ஏற்றத்தாழ்வையே. 2025இல் கிருஷ்ணகிரிப் பகுதியில் பெங்களூரா மாங்காயின் விலை வெகுவாகச் சரிந்து விவசாயிகள் கலங்கினர். முன்னரே விலை பேசியவருக்கு அக்கவலை இல்லை. விலை ஏறினாலோ, வாங்கியவர் பயனடைகிறார். 300 ரூபாய்த் தள்ளுபடி இதற்குரியதே, அது வட்டியன்று.

ஆனால் விளைச்சல் பொய்க்கும் நட்டம் வேறு. இறைவன் கனியைத் தடுத்துவிட்டால், சகோதரனின் பொருளை எந்த உரிமையில் எடுப்பீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆகவே 'பணம் திரும்பாது' எனும் நிபந்தனை செல்லாது. காற்றில் காய் உதிர்ந்து 3 கிலோவே கிடைத்தால், அதே ரகத்தை, அதே தரத்தில் பிற தோப்பில் வாங்கியேனும் 5 கிலோவை நிறைவு செய்யலாம். இயலாதெனில் 2 கிலோவுக்குரிய 240 ரூபாயைத் திருப்பித்தர வேண்டும். வாங்குபவர் விரும்பினால் காத்திருக்கலாம். அவரும் கொடுத்த விலையையே கேட்கலாம். 900 ரூபாய்க் கணக்கில் கேட்பது கூடாது.

பணம் கட்டுமுன் நான்கைப் பாருங்கள். 'ஒரு பெட்டி', 'ஒரு டஜன்' என்பது போதாது. பழம் சிறிதும் பெரிதுமாக இருக்குமாதலால் எடை வேண்டும். ரகமும் தரமும், ஒப்படைக்கும் நாளும் இடமும் எழுதப்படவேண்டும். 'இந்தத் தோப்பின் பழமே' எனக் கட்டக் கூடாது. அத்தோப்பு காய்க்காமற் போகலாம். முழுத்தொகையும் பேச்சு முடியும்போதே தரப்பட வேண்டும். 100 ரூபாய் இன்று, மீதி பிறகு என்பது ஸலம் ஆகாது.

ஒரு வேறுபாடும் உண்டு. ஒப்படைக்கும் காலத்தில் பழம் கிடைத்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபில், பேசும் நாள் முதல் ஒப்படைக்கும் நாள்வரை அது சந்தையில் கிடைக்கவேண்டும். ஆகவே ஹனஃபிகள் மாசியில் பணம் கட்டாமல், பழம் சந்தைக்கு வந்தபின் பேசுவதே பேணுதல்.

விவசாயியின் துயரில் பங்குகொள்ள விரும்புகிறீர்களா? திரும்பிவரும் 240 ரூபாயை மனமுவந்து விட்டுக்கொடுங்கள். அது ஸதகாவாகும். அதையே முன்நிபந்தனையாக்கிப் பறித்தால் அநீதியாகும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.