புரிஞ்சுதா? புரிஞ்சுது சார்!

உலகத்திலேயே உருப்படாத கேள்வி எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: "புரிஞ்சுதா?"

நீங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வளர்ந்திருப்பீர்கள். பாடம் முடிந்ததும் வாத்தியார் கேட்பார். வகுப்பே கோரஸாக "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். பரீட்சைப் பேப்பரைத் திருத்தும்போதுதான் அவருக்குத் தலைசுற்றும். "அப்ப ஏண்டா பொய் சொன்னே?" என்று காதைத் திருகுவார்.

பையன் பொய் சொல்லவில்லை சார். அவனுக்குப் புரிந்ததாகத்தான் தோன்றியது. புரியவில்லை என்பது தெரிவதற்கே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டுமே!

எலன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1979-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் சின்னச் சின்னக் கட்டுரைகளை முன்வைத்து, 'இது தெளிவாக இருக்கிறதா, ஏதாவது சரிசெய்ய வேண்டுமா?' என்று ஆலோசனை கேட்டார். அதில் ஒன்று மீன்களைப் பற்றியது. கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது, கும்மிருட்டு, அங்கே மீன்களுக்கு நிறம்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், அங்குள்ள சில மீன்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கின்றன என்று முடியும்.

அப்பட்டமான முரண்பாடு. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலேயே கணிசமானவர்கள் கவனிக்கவில்லை. முரண்பாட்டை இன்னும் கொஞ்சம் பூடகமாக வைத்தபோது தப்பவிட்டவர்கள் ஏராளம். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் புரிந்தது. இந்த வாக்கியத்தை அந்த வாக்கியத்தோடு உரசிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இதிலே ஏதோ கோளாறு இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னபோது, பெரிய வகுப்புப் பிள்ளைகள் நிறையவே கண்டுபிடித்தார்கள். ஆக, திறமை இருந்திருக்கிறது. அதை யாரும் எழுப்பவில்லை.

'சின்னப் பசங்கதானே' என்று சிரிக்கிறீர்களா? நாற்பது வயது தாண்டிய, பி.காம். படித்த, எழுதிப் பிழைக்கிற ஒருவனின் கதையைக் கேளுங்கள். அந்த அறிவாளி நான்தான்.

மாமனாருக்கு குடலிறக்க ஆபரேஷன். 3 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. பாலிசியை எடுத்துப் படித்தேன், மஞ்சள் மார்க்கரும் கையுமாக. அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவிகிதம் வரை என்று இருந்தது. நாளொன்றுக்கு 3,000 ரூபாய். அடுத்த வரி, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி: 'அதைவிடக் கூடுதல் வாடகையுள்ள அறையில் சேர்ந்தால், தொடர்புடைய மருத்துவச் செலவுகளும் அதே விகிதத்தில் குறைத்தே வழங்கப்படும்.' அந்த வரிக்கும் மார்க்கர் பூசினேன். சத்தியமாகப் புரிந்ததாகத்தான் நினைத்தேன். 6,000 ரூபாய் அறை எடுத்தோம். 4 நாள். மிஞ்சிப்போனால் 12,000 ரூபாய் கைப்பணம், போனால் போகிறது என்று கணக்குப் போட்டேன்.

மொத்த பில் 1,44,000. இதில் அறை வாடகை 24,000. டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 80,000. மருந்து, டெஸ்ட் வகையறா 40,000. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 92,000. என் பாக்கெட்டிலிருந்து போனது 52,000!

எங்கே தவறினேன்? மறுபடி அந்த வரிக்கு வாருங்கள். 'அதே விகிதத்தில்' என்கிறது. எந்த விகிதம்? அந்த வரியில் விகிதம் என்று எதுவுமே இல்லையே! அங்கே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பழக்கமான வார்த்தைதான், கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அனுமதித்த வாடகையை எடுத்த வாடகையால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த விகிதம். 3,000 கீழ் 6,000, அதாவது பாதி. 'செலவுகளும்' என்பதில் ஓர் 'உம்' இருக்கிறது பாருங்கள், அந்த 'உம்'தான் என் 40,000 ரூபாயைச் சாப்பிட்டது. வாடகையில் பாதியோடு, டாக்டர், தியேட்டர் செலவிலும் பாதி போச்சு. 'தொடர்புடைய' என்றால் எவை? அதற்கு விளக்கம் பாலிசியின் முன்பக்கங்களில், நான் புரட்டித் தள்ளிய 'வரையறைகள்' பகுதியில் இருந்தது. மருந்து, டெஸ்ட் அந்தக் கணக்கில் வராது. அதனால் அந்த 40,000 மட்டும் முழுசாகக் கிடைத்தது.

இப்போது நம் ஆட்கள் சொல்லும் வைத்தியம் என்ன? "இன்னொரு தடவை படி!" அட, இதுதான் வினையே. முதல் வரியிலிருந்து அப்படியே மறுபடி ஓட்டினால், வார்த்தைகள் ஏற்கெனவே பழகியிருக்கும். இன்னும் சுலபமாக ஓடும். சுலபமாக ஓடுவதையே புரிதல் என்று மனசு எடுத்துக்கொள்ளும். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தவன். இரண்டாம் தடவை சந்தேகம் குறைந்தது, அறிவு கூடவில்லை.

திரும்பப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. காகிதத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் வார்த்தையில், முடிந்தால் உங்கள் எண்களைப் போட்டு, சொல்லிப் பாருங்கள். '6,000 ரூபாய் அறை எடுத்தால், 80,000 ரூபாய் டாக்டர், தியேட்டர் பில்லில் எனக்கு எவ்வளவு வரும்?' நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். 'அதே', 'மேற்படி', 'இதன்படி' போன்ற ஆசாமிகள் யாரைக் காட்டுகிறார்கள் என்று விரல் வைத்துத் தேடுங்கள். முந்தைய வரியில் இல்லையென்றால் வரையறையில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் ஆளைக் கேட்க வேண்டும். படித்த உடனே செய்தால் வார்த்தைகள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும், அதையே ஒப்பித்துவிட்டு ஏமாறுவோம். ஒரு காபி குடித்துவிட்டு வந்து சொல்லிப் பாருங்கள். அப்போது மிச்சமிருப்பதுதான் நிஜம்.

ஆளைக் கேட்பதிலும் சூட்சுமம் உண்டு. "சார், இது புரியலை" என்றால், எதிராளி அந்த வரியையே உரக்கப் படித்துக்காட்டுவார். "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருவோம். எதுவரை புரிந்தது, எங்கே முறிந்தது என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

1984-ல் பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாமல் தவித்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்கினார்கள். ஒவ்வொரு பத்தியாகப் படிப்பது. முறைவைத்து ஒரு பிள்ளை வாத்தியார் ஆவது. அதுதான் கேள்வி கேட்கும், சுருக்கிச் சொல்லும், குழப்பமான இடத்தைக் காட்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும். சில வாரங்களில் அந்தப் பிள்ளைகளின் புரிதல் நன்றாகவே முன்னேறியது. நம் ஊரில் எதிராளி கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. பாடத்தின் முடிவில் உள்ள கேள்விகளைக்கூட நோட்ஸ் கம்பெனிக்காரன் பதிலோடு விற்கிறான். பையன் சொந்தமாகக் கேட்க வேண்டிய கேள்வியை எவன் விற்பான்?

போன மாதம் மனைவிக்கு ஒரு சின்ன ஆபரேஷன் நிச்சயமானது. இந்தமுறை காகிதத்தை மூடிவிட்டு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தடுக்கியது. டாக்டர் ஃபீஸுக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம்? பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர உயர டாக்டர், தியேட்டர் கட்டணமும் உயரும், அதற்காகத்தான் இந்த விதியே என்று தேடியபோது தெரிந்தது. அப்படி உயர்த்தாத ஆஸ்பத்திரி என்றால்?

காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் போட்டேன். "அறைக்கேற்ற மாதிரி மற்ற கட்டணத்தை மாத்தாத ஆஸ்பத்திரியிலயும் இந்த விகிதப் பிடித்தம் உண்டாங்க?" என்று கேட்டேன்.

எதிர்முனையில் மௌனம். பிறகு அந்தப் பெண் சொன்னார்: "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார். இதை நான் படிச்சிருக்கேன்... ஆனா இப்படி யோசிச்சதில்லை."

ஆறு நிமிடம் பாட்டு கேட்டேன். திரும்பி வந்தவர், அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி என்றால் வாடகை வித்தியாசம் மட்டும்தான் பிடிப்பார்கள் என்றார். எந்த விதி எண் என்று கேட்டு, பாலிசியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மார்க்கரை மகள் ஸ்கூலுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.