வீட்டுக் கணக்கு: இரண்டு கூட்டற் குறிகள்

சிங்கப்பூருக்குச் செல்லும் நம்மவர்கள் அங்குள்ள சில உணவகங்களின் விலைப்பட்டியலில் ஒரு புதுமையைக் காண்பர். பண்டத்தின் விலைக்கு அருகில் ++ என்று இரு கூட்டற் குறிகள் இடப்பட்டிருக்கும். முதலாவது சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. நம் நாட்டிலும் சில ஹோட்டல்களின் பட்டியலடியில் இவை சிறு எழுத்தில் காணப்படுவதுண்டு. எனினும் அக்குறிகளின் முழுப் பொருளையும் சிட்டை கைக்கு வந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

ஒரு குடும்பத்தார் நால்வர் உண்ணச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் தெரிவு செய்த நான்கு உணவுகளின் விலை 18, 22, 25, 15 வெள்ளி. ஆக 80 வெள்ளி. தந்தையாரின் பையில் 100 வெள்ளித் தாள் ஒன்று உண்டு. மிச்சம் வருமென்றே அவர் எண்ணுகிறார். மேசையில் அமர்ந்ததும் ஆளுக்கொரு ஈரத் துவாலையும், கொறிக்க ஒரு தட்டுக் கச்சானும் கொண்டுவந்து வைக்கின்றனர். யாரும் கேட்கவில்லை, ஆயினும் சீன உணவகங்கள் பலவற்றில் இவையும் சிட்டையில் ஏறும். துவாலை ஒன்று 50 காசு, கச்சான் 3 வெள்ளி என்றால் தொகை 85 ஆகிறது. அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் 8.50 சேர்ந்து 93.50. இனி வரி. 2024 ஜனவரி 1 முதல் 9 வீதமாக உள்ள இவ்வரி 85 வெள்ளியின்மேல் அன்று, சேவைக் கட்டணமும் சேர்ந்த 93.50இன் மேலேயே கணிக்கப்படுகிறது. அது 8.42. மொத்தம் 101.92 வெள்ளி! கையிலுள்ள தாள் போதவில்லை.

பத்தும் ஒன்பதும் பத்தொன்பதுதானே என்று மாணவர் கேட்கலாம். அன்று. 1.10ஐ 1.09ஆற் பெருக்கினால் 1.199 வரும், ஏறத்தாழ இருபது வீதம். ஆதலால் இரட்டைக் குறி கண்டவிடத்து விலையோடு அதன் ஐந்திலொரு பங்கைக் கூட்டிக்கொள்வதே எளிய வழி. துவாலையையும் கச்சானையும் வேண்டாதவர் வைத்த உடனேயே எடுத்துச் செல்லும்படி சொல்லிவிட வேண்டும். தொட்ட பின் சொல்வதிற் பயனில்லை.

அந்நாட்டுச் சட்டம் இதில் அயர்ந்திருக்கவில்லை. வரிக்குப் பதிவு பெற்ற வணிகர் பொதுமக்களுக்குக் காட்டும் விலை வரி அடங்கியதாகவே இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் அறவிடும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டுமே விலக்கு. அவையும் வரியும் கட்டணமும் தனியாகச் சேரும் என்பதை நன்கு தெரியும்படி அறிவிக்க வேண்டும். சேவைக் கட்டணம் வாங்காத கடையில் 6 வெள்ளி என்றால் 6 வெள்ளியே கொடுக்க வேண்டும். என் கருத்தில் அந்த விலக்கே தேவையற்றது. சமையலறைக் கணக்கை உண்பவன் மேசையில் ஏன் கூட்ட வேண்டும்?

ஆயினும் கடைக்காரர் பக்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு. அடக்க விலையாக 12 வெள்ளி என்று முழு எண்ணில் எழுதுபவர், அதனுள் வரி எவ்வளவு என்பதைத் தாமே பிரித்தறிய வேண்டும். 12க்கு 9 வீதம் 1.08 என்று கணிப்பது தவறு. 12 என்பது 109 பங்கு. அதில் 9 பங்கே வரி. 12ஐ 9ஆற் பெருக்கி 109ஆல் வகுத்தால் 99 காசு வரும். எஞ்சிய 11.01 கடைக்குரியது. வரி 8 வீதமாக இருந்த 2023இல் அதே 12 வெள்ளியிலிருந்து 11.11 கிடைத்தது. வரி உயர்ந்தபோது விலையை மாற்றாதிருந்தவர் தட்டொன்றுக்குப் பத்துக் காசைத் தாமே ஏற்றார். நாளொன்றுக்கு இருநூறு தட்டு விற்பவருக்கு அது 20 வெள்ளி.

இதற்கு அஞ்சியே பலர் கூட்டற் குறியை விரும்புகின்றனர். வரி மாறினாலும் பட்டியலைத் திரும்ப அச்சிட வேண்டியதில்லை. ஆனால் 10++ என்று எழுதிய தட்டுக்கு வாடிக்கையாளர் கொடுப்பது 11.99. அதையே 12 என்று எழுதி, கீழே ‘வரியும் சேவைக் கட்டணமும் உட்பட’ என்று ஒரு வரி சேர்த்தால் கடைக்கு ஒரு காசு கூடுமேயன்றிக் குறையாது. துவாலைக்கும் கச்சானுக்கும் அதே பட்டியலில் தனி வரியில் விலை எழுதி, கேட்பவருக்கு மாத்திரம் கொடுத்தால், அத்தந்தையார் 80 வெள்ளி உணவுக்கு 95.92 கொடுத்து, மிச்சம் நான்கு வெள்ளியோடு பஸ்ஸேறியிருப்பார்.