உங்கள் கணக்கில் யாரோ நுழைகிறார்கள்... அலர்ட் மணி உங்களுக்குக் கேட்கிறதா?

2025 செப்டம்பர் 15, பெங்களூரு. கன்னட நடிகர் உபேந்திராவின் மனைவியும் நடிகையுமான பிரியங்கா, ஆன்லைனில் ஆர்டர் செய்த ஒரு பொருளுக்காகக் காத்திருந்தார். டெலிவரி விஷயமாகப் பேசுவதாகச் சொன்னவர்கள், நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் கலந்த ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம், "அவசரமாக 55,000 ரூபாய் வேண்டும்" என்று மெசேஜ் போனது. அவருடைய மகன் உட்படச் சிலர் பணத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

இந்த வகை மோசடியில் டயல் செய்யச் சொல்லும் எண் பெரும்பாலும் கால் ஃபார்வர்டிங் குறியீடாக இருக்கும். *21* என்று தொடங்கி, நடுவில் மோசடிக்காரரின் செல்போன் எண், கடைசியில் #. இதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். பிறகு அவர் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போடுவார். ஆறு இலக்க குறியீட்டை "போன் கால் மூலம் சொல்லு" என்று கேட்பார். அந்தக் கால் அவருக்கே போகும். கணக்கு கைமாறிவிடும்.

இந்த நேரத்தில் நம் போன் சும்மா இருப்பதில்லை. நாம் கேட்காமலேயே வாட்ஸ்அப் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்து விழலாம். உங்கள் எண்ணுக்குப் பதிவுக் குறியீடு கேட்கப்பட்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பே அறிவிப்பு காட்டலாம். கைமாறியவுடன் நம் போனில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிடும். இவை எல்லாமே எச்சரிக்கை மணிகள்தான். அந்த மணி அடித்த நிமிடத்துக்கும், முதல் நண்பர் பணம் அனுப்பும் நிமிடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

ஜிமெயில், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் இப்படி ஒரு மணி இருக்கிறது. புதிய கருவியிலிருந்து யாராவது நுழைந்தால் சொல்லும். அப்படியும் பலருக்கு விஷயம் மறுநாள்தான் தெரிகிறது. ஏன்?

அலர்ட் எங்கே போகிறது?

ஒரு உதாரணம் பார்க்கலாம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் குடியிருக்கும் ஒரு இளம் ஐ.டி. ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராம் கணக்கைக் கல்லூரிக் காலத்தில் தொடங்கினார். கொடுத்தது அப்போது வைத்திருந்த மெயில் முகவரி. அதை இப்போது திறப்பதே இல்லை. யாராவது நுழைந்தால் இன்ஸ்டாகிராம் ஒழுங்காக மெயில் அனுப்பும். அது யாரும் பார்க்காத பெட்டியில் கிடக்கும்.

இரண்டாவது ஓட்டை போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் ஆப் நம்மிடம் அனுமதி வாங்கித்தான் அறிவிப்பு காட்ட முடியும். தொல்லை வேண்டாமே என்று "Don't allow" தட்டியிருப்போம். லைக், ரீல்ஸ் அறிவிப்போடு சேர்ந்து லாகின் எச்சரிக்கையும் அங்கேயே ஊமையாகிவிடும். சில போன்களில் பேட்டரி சேமிப்பு வசதியும் இதே வேலையைச் செய்யும். பின்னணியில் இருக்கும் ஆப்பை அது நிறுத்திவிடுவதால் அறிவிப்பு தாமதமாகத்தான் வரும்.

மூன்றாவது ஜிமெயில். இன்பாக்ஸ் பிரிவுகளாக இருந்தால் இப்படிப்பட்ட மெயில்கள் "Updates" பிரிவுக்குப் போய்விடலாம். Primary-யில் வருவதற்கு மட்டும் சத்தம் வரும்படி வைத்திருந்தால் இது காதில் விழாது. மணி அடித்தது உண்மை. அடித்தது பூட்டிய அறைக்குள்.

இரண்டு நிமிடச் சோதனை

செட்டிங்ஸில் "On" என்று இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அடிக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் இன்ஸ்டாகிராமில் Settings, Accounts Centre, Password and security, Login alerts என்று போங்கள். ஃபேஸ்புக்குக்கும் இதே இடம்தான். ஆப் அறிவிப்பு, மெயில் இரண்டையும் இயக்குங்கள். அந்த மெயில் முகவரி இன்றைக்கும் நீங்கள் தினமும் பார்ப்பதுதானா என்பதையும் பாருங்கள். கூகுளில் இந்த எச்சரிக்கையைத் தேடிப்பிடித்து இயக்க வேண்டியதில்லை, அது தானாக வரும். ஆனால் myaccount.google.com பக்கத்தில் Security பகுதியில் உள்ள மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, போனின் Settings-ல் Notifications பகுதிக்குப் போய் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஜிமெயில், வாட்ஸ்அப் நான்குக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லைக், லைவ் தொல்லை என்றால் அந்த வகைகளை மட்டும் அணைக்கலாம். முழு ஆப்பையும் அணைக்க வேண்டியதில்லை.

இப்போது சோதனை. நம்பகமான ஒரு லேப்டாப்பில் பிரைவேட் விண்டோவைத் திறந்து உங்கள் இன்ஸ்டாகிராமில் நுழையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் போன் சத்தம் போட்டால் மணி வேலை செய்கிறது. போடவில்லை என்றால் அந்த மெயில் எந்தப் பெட்டியில், எந்தப் பிரிவில் கிடக்கிறது என்று தேடிப்போங்கள். ஓட்டை அங்கேதான். அடைத்துவிட்டு இன்னொரு முறை செய்து பாருங்கள். ஜிமெயிலுக்கும் இதே சோதனைதான். முடிந்ததும் லேப்டாப்பில் மறக்காமல் வெளியேறிவிடுங்கள்.

வாட்ஸ்அப்புக்குத் தனி வழி. அதில் லாகின் அலர்ட் என்று ஒரு பொத்தான் கிடையாது. Settings, Account, Two-step verification-ல் ஆறு இலக்க பின் வையுங்கள். எஸ்எம்எஸ் குறியீடு திருடர் கையில் போனாலும் பின் இல்லாமல் அவரால் உள்ளே போக முடியாது. Linked devices பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கணினியோ பிரவுசரோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"சென்னை" என்று காட்டுகிறதே?

அலர்ட் வந்தும் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதுச்சேரியில் உட்கார்ந்து நீங்களே நுழைந்தாலும், எச்சரிக்கையில் சென்னை என்றோ வேறு பெருநகரம் என்றோ காட்டலாம். மொபைல் டேட்டா எந்த ஊர் வழியாக இணையத்துக்குப் போகிறதோ அந்த ஊரைத்தான் அது ஊகித்துச் சொல்கிறது. நான்கு முறை இப்படிப் பார்த்த பிறகு, "அட, எப்பவும் இப்படித்தான் வரும்" என்று தள்ளிவிடப் பழகிவிடுவோம். ஐந்தாவது முறை வருவது நிஜமாக இருக்கலாம்.

எனவே ஊரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரத்தையும் கருவியையும் பாருங்கள். கடந்த ஐந்து நிமிடத்தில் நான் எங்காவது லாகின் செய்தேனா? அந்தப் பெயருள்ள போனோ பிரவுசரோ என்னிடம் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது நீங்கள் இல்லை.

எச்சரிக்கையே போலியாகவும் வரும். "உங்கள் கணக்கில் யாரோ நுழைந்தார்கள், இங்கே அழுத்துங்கள்" என்ற மெயில் திருடர்களின் பழைய தூண்டில். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். இன்ஸ்டாகிராம் நிஜமாக அனுப்பிய மெயில்களின் பட்டியல் அதே Password and security பக்கத்தில் Recent emails-ல் இருக்கும். அங்கே இல்லாத மெயில் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து நிமிடம்

இரவு 11.40. நம் ரெட்டியார்பாளையத்து இளைஞருக்கு எச்சரிக்கை வருகிறது. அவர் லேப்டாப்பைத் தொடவே இல்லை, ஆனால் விண்டோஸ் கணினியில் குரோம் என்று காட்டுகிறது. என்ன செய்ய வேண்டும்?

மெயிலில் தொடங்க வேண்டும். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வரும். மெயில் போனால் எல்லாம் போனதுபோல. கூகுள் கணக்கில் Your devices பட்டியலைத் திறந்து தெரியாத கருவியை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணையும் மெயிலையும் சரிபார்க்க வேண்டும். பிறகு இன்ஸ்டாகிராமில் Where you're logged in பட்டியலில் அதையே செய்ய வேண்டும். மெயில் முகவரி மாற்றப்பட்டதாகப் பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் மெயில் அனுப்பியிருந்தால், அதிலேயே மாற்றத்தை ரத்து செய்யும் வழி இருக்கும். இந்த ஒன்றுக்காகவாவது பழைய முகவரி உயிரோடு இருக்க வேண்டும்.

மெயிலுக்குள் யாராவது வந்துபோன சந்தேகம் இருந்தால் கணினியில் ஜிமெயிலைத் திறந்து Settings-ல் Filters, Forwarding இரண்டையும் பாருங்கள். எச்சரிக்கை மெயில் வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுப் போவது திருடர்களின் வழக்கம். அது இருக்கும்வரை அடுத்த மணி உங்களுக்குக் கேட்காது.

வாட்ஸ்அப் போயிருந்தால் முதலில் ##002# டயல் செய்து எல்லா கால் ஃபார்வர்டிங்கையும் நீக்குங்கள். நீங்கிவிட்டதா என்று *#21# காட்டும். அடுத்து உங்கள் எண்ணிலேயே வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டவுடன் திருடர் வெளியேறிவிடுவார். அவர் பின் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க நேரிடும். ஆனாலும் அவரால் அதற்குள் உங்கள் பெயரில் பணம் கேட்க முடியாது. வீட்டுக்கும் நண்பர்களுக்கும் நேரடியாகக் கால் செய்து சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசி, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

மணிக்கும் எல்லை உண்டு

லாகின் அலர்ட் புதிய நுழைவைத்தான் சொல்லும். கணினியில் புகுந்த வைரஸ், ஏற்கெனவே திறந்திருக்கும் பிரவுசர் அமர்வை அப்படியே திருடினால் புதிய லாகின் நடக்காது, மணியும் அடிக்காமல் போகலாம். வாட்ஸ்அப்பை இன்னொரு கணினியோடு இணைக்கச் செய்யும் மோசடியில் உங்கள் போன் வழக்கம்போலவே வேலை செய்யும் என்பதால் சந்தேகமே வராது. அதனால்தான் கருவிப் பட்டியலை வாரம் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

வங்கி விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: எஸ்எம்எஸ் எச்சரிக்கைக்கு வாடிக்கையாளரைக் கட்டாயம் பதிவு செய்ய வைக்க வேண்டும். அவர் எவ்வளவு சீக்கிரம் புகார் சொல்கிறாரோ அதைப் பொறுத்து அவருடைய இழப்புப் பொறுப்பும் குறையும். நூறு ரூபாய் எடுத்தாலும் போன் சிணுங்குகிறது. நம் பெயரையே எடுத்துக்கொண்டு போகும் கணக்குத் திருட்டுக்கு மட்டும் மணி நான்கு மெனுவுக்கு அடியில், பழைய மெயில் முகவரியில் கிடப்பது சரியல்ல. அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. லைக் அறிவிப்பும் பாதுகாப்பு எச்சரிக்கையும் ஒரே பொத்தானில் அணையாதபடி செய்வது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

அவர்கள் செய்யும்வரை, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்து பாருங்கள். அப்பா, அம்மா போனிலும் ஒருமுறை.