கட்டத்துக்கொரு கடிகாரம் வைத்தால் குளம் கொதிக்கும்

ஆயர் ஈத்தாமில் கணினி விளையாட்டு செய்து பழகும் நம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வந்த நண்பர் ஒருவர், டைல்மேப்பில் தண்ணீரும் தீப்பந்தமும் எப்படி அசைய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இயற்கையில் எந்த அலையும் பக்கத்து அலையோடு கை கோத்து ஆடுவதில்லை, ஆகவே ஒவ்வொரு தண்ணீர் டைலும் தன் இஷ்டத்துக்கு வேறு வேறு நேரத்தில் தொடங்கட்டும் என்றார். எல்லா டைலும் ஒன்றாக அசைவது அந்தக் காலத்துக் கருவிகளின் இயலாமை, இன்று அதைப் பின்பற்றுவது சோம்பேறித்தனம் என்றார். தீப்பந்தத்துக்கும் இதே விதிதான் என்று முடித்தார். மூன்றும் தவறு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனாலேயே அது மற்ற இரண்டையும்விடக் கெடுதலானது.

பிள்ளைகள் அவர் சொன்னதை நம்பினார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது நம் ஊர் நாற்சந்தியும் பானைக் கடைகளின் வரிசையும் ஒரு பழைய சூளையும் வரும் சின்ன விளையாட்டு. சூளைக்குப் பின்னால் ஒரு குளம். வகுப்புக்கு முன்பு அந்தக் குளத்தில் தண்ணீர் சாய்ந்து சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது கொதிக்கிறது. திரை முழுக்கச் சதுரம் சதுரமாகத் துடிக்கிறது. இதுதான் இயற்கை என்று அவர் சொல்வாரானால், அவர் தண்ணீரை நின்று பார்த்ததில்லை என்றுதான் நான் சொல்வேன்.

என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு டைலை வைத்துப் பார்ப்போம். டைல் 16க்கு 16 பிக்சல். அசைவுக்கு நான்கு ஃபிரேம், ஒவ்வொன்றும் 200 மில்லி விநாடி. டைலின் குறுக்கே ஒரு வெள்ளை அலைக்கோடு ஓடுகிறது. முதல் ஃபிரேமில் அந்தக் கோடு வலது விளிம்பை மேலிருந்து 3ஆவது வரிசையில் தொடுகிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் 7, 11, 15. இடது விளிம்பிலும் அதே வரிசைகள். படம் வரைந்த பெண் இதைக் கணக்குப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள். ஒரு டைலின் வலது விளிம்பில் முடியும் கோடு, பக்கத்து டைலின் இடது விளிம்பில் அதே உயரத்தில் தொடர வேண்டும். இரண்டு டைலும் ஒரே ஃபிரேமில் இருந்தால் கோடு அறுபடாமல் ஓடும், விளிம்பு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

இப்போது நண்பர் சொன்னபடி செய்வோம். இடப்பக்க டைல் முதல் ஃபிரேமில் நிற்கிறது, வலப்பக்க டைல் மூன்றாவதில். கோடு 3ஆவது வரிசையில் வந்து முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் 11ஆவது வரிசையில் திடீரென்று முளைக்கிறது. எட்டு பிக்சல் முறிவு, அதாவது பாதி டைல். 20க்கு 15 கட்டம் உள்ள குளத்தில் இடமும் வலமுமாக அடுத்தடுத்த கட்டங்கள் சந்திக்கும் விளிம்புகள் 285. நான்கு ஃபிரேமில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டால், இரண்டு அண்டை டைல்கள் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். மீதி ஏறக்குறைய 210 விளிம்புகளில் கோடு முறியும். மறைந்திருக்க வேண்டிய கட்டச் சட்டத்தை அவர் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

கொதிப்பு வேறு. தொடக்க நேரத்தையே சிதறவிட்டால், ஃபிரேம் மாறும் கணமும் கட்டத்துக்குக் கட்டம் வேறாகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 200 மில்லி விநாடி என்பது 12 புதுப்பிப்பு. 300 கட்டங்களும் அந்தப் பன்னிரண்டில் சிதறிக்கிடக்கும்போது, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஏறக்குறைய 25 கட்டங்கள் எங்கெங்கோ படம் மாற்றுகின்றன. கண் எங்கே பார்த்தாலும் ஓரத்தில் ஏதோ ஒன்று துள்ளுகிறது. ஒன்றாக மாறினால் விநாடிக்கு ஐந்து முறை குளம் முழுதும் ஒரு அடி நகரும், இடையில் அமைதியாக இருக்கும். முதல் வகையில் தெரிவது இரைச்சல், இரண்டாவதில் தெரிவது ஓட்டம்.

இயற்கை என்ற வாதத்துக்கு வருகிறேன். குளத்தில் அடுத்தடுத்த இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அவர் சொன்ன அந்தப் பாதி சரி. ஆனால் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலும் இல்லை. இங்கே எழும்பிய அலைதான் சற்று நேரம் கழித்து அங்கே எழும்புகிறது. வித்தியாசம் தூரத்தால் வருகிறது, குலுக்கலால் அல்ல. அந்த வித்தியாசத்தைத் திரையில் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு வழி இருக்கிறது: ஒரு ஃபிரேமின் வலது விளிம்பு அடுத்த ஃபிரேமின் இடது விளிம்போடு பொருந்தும்படி வரையுங்கள், பிறகு கிடை எண்ணைக் கூட்டிக் கட்டத்துக்கு ஒரு ஃபிரேம் தள்ளி ஓட்டுங்கள். அலை குளத்தைக் கடந்து போவது தெரியும். அல்லது நான்கு டைல் சேர்ந்த 32க்கு 32 வடிவமாக வரைந்து வேறுபாட்டைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். இரண்டிலும் அண்டை டைல்களின் உறவு முன்கூட்டியே தெரிந்தது. தாளம் சேர வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எல்லாம் ஒரே படமாக நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் சொல்லாத வாதத்தோடு நண்பர் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய கருவிகளின் இயலாமை என்று அவர் சொன்னது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டைத் திறந்து பாருங்கள். கேம் பாயில் ஒரு டைல் என்பது 8க்கு 8 பிக்சல், 16 பைட். வரைபடத்தில் எத்தனை தண்ணீர்க் கட்டங்கள் இருந்தாலும் அவை எல்லாம் நினைவகத்தில் உள்ள அதே ஒரு டைலைத்தான் சுட்டுகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடிக்கு ஒருமுறை அந்தப் பதினாறு பைட்டுகளும் ஒவ்வொரு பிட் சுழற்றப்படுகின்றன. நான்கு முறை ஒரு பக்கம், நான்கு முறை மறுபக்கம். தனியாக ஒரு ஃபிரேம்கூடத் தண்ணீருக்கு வரையப்படவில்லை.

சுழற்றும்போது என்ன ஆகிறது? வலது ஓரத்தில் வெளியேறும் பிக்சல் அதே டைலின் இடது ஓரத்தில் வந்து நுழைகிறது. பக்கத்துக் கட்டத்திலும் அதே டைல் இருப்பதால், இங்கிருந்து வெளியேறிய பிக்சல் அங்கே நுழைந்ததாகக் கண் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் கட்டம் விட்டுக் கட்டம் பாய்கிறது. அண்டைக் கட்டம் வேறு நிலையில் இருந்திருந்தால் அந்தப் பிக்சல் விளிம்பில் செத்துப் போயிருக்கும், அசைவு ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் அடைபட்டிருக்கும். ஆக, நினைவகம் குறைவு என்பது உண்மை; ஆனால் தாளம் சேர்ந்திருப்பது அந்தக் குறையின் விலை அல்ல. ஓட்டம் என்ற தோற்றமே அதனால்தான் உண்டாகிறது. அதே விளையாட்டில் பூக்களுக்குத் தனிப் படங்கள் உண்டு, ஏனென்றால் பூ பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டுவதில்லை. எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். நம் நண்பர் பார்க்கவில்லை.

கோடோ எஞ்சினிலேயே `Random Start Times` என்று ஒரு தேர்வு இருக்கிறதே என்று அவர் ஆதாரம் காட்டியிருக்கிறார். இருக்கிறது. அது டைலுக்கு டைல் தனித்தனியாகப் போடக்கூடிய தேர்வு என்பதையும், தானாக அமைந்திருப்பது எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கும் `Default` என்பதையும் அவர் சொல்லவில்லை. தனித்து நிற்கும் புல்லுக்கும் பூவுக்கும் அது பயன்படும். மருந்துக் கடையில் இருக்கிறது என்பதற்காக எல்லா மருந்தையும் எல்லாருக்கும் எழுதித் தருகிறவரை வைத்தியர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனித் தீப்பந்தம். சூளைச் சுவரில் தள்ளித் தள்ளி எரியும் பந்தங்கள் ஒன்றாக அசைந்தால் பொம்மை வரிசை மாதிரி இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு நடுவே பகிர்ந்த விளிம்பு இல்லை, ஆகவே தள்ளித் தொடங்கலாம். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு பந்தம் ஒரு டைல் அல்ல. கீழே பிடியும் தீயின் அடியும் ஒரு டைல், மேலே தீயின் நுனி இன்னொரு டைல், இரு புறமும் சுவரில் விழும் மஞ்சள் வெளிச்சம் இரண்டு டைல். அவர் ஒவ்வொரு டைலையும் குலுக்கிவிட்டார். தீயின் அடி இடப்பக்கம் சாய்கிறது, நுனி வலப்பக்கம் நிற்கிறது. தீ குன்றும்போது சுவர் வெளிச்சம் கூடுகிறது.

ஒரு பையன் சமாளிக்கப் பார்த்து, குலுக்கலை எடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறான்:

```
phase = (x * 7 + y * 13) % 4
```

எண்ணம் நல்லது. இடத்தை வைத்துக் கணக்கிட்டால் அறைக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும் அதே பந்தம் அதே நிலையில் இருக்கும். ஆனால் நுனி டைலின் `y` அடியைவிட ஒன்று குறைவு. 13ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே எந்தப் பந்தத்தை எடுத்தாலும் நுனி அடியைவிட ஒரு ஃபிரேம் பிந்தியே வரும், தலை துண்டாகியே இருக்கும். `x`, `y` இரண்டும் அந்தந்த டைலின் இடமாக இல்லாமல் பந்தத்தின் அடி டைல் இருக்கும் இடமாக இருந்தால் நான்கு டைலும் சேர்ந்துவிடும். தள்ளித் தொடங்கும் உரிமை பந்தத்துக்கு உண்டு, டைலுக்கு இல்லை.

டைலுக்கொரு டைமர் என்ற யோசனையையே தூக்கி எறிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குலுக்கலே இல்லாவிட்டாலும், திரைக்குள் வரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்கும் டைமர், நாம் நடக்க நடக்கப் புதிதாகத் தெரியும் ஒவ்வொரு பத்தியையும் வேறு நிலையில் கொண்டுவந்து நிறுத்தும். குளத்தில் செங்குத்தாக ஒரு தையல் தெரிந்தால் காரணம் அதுதான். விளையாட்டு முழுமைக்கும் ஒரே கடிகாரம் போதும்:

```
frame = (floor(t / 200) + phase) % 4
```

`t` மில்லி விநாடியில். தண்ணீருக்கு `phase` பூஜ்யம். கடிகாரத்தை ஒவ்வொரு திரைப் புதுப்பிப்புக்கும் ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். டைல் வரையும் சுழற்சிக்குள் படித்தால், பாதி வரைந்த நேரத்தில் 200ஐத் தாண்டி, மேல் பாதி ஒரு ஃபிரேமும் கீழ்ப் பாதி வேறு ஃபிரேமுமாக நிற்கும். அடிக்கடி வராது, வந்தால் கண்டுபிடிக்கப் பாடுபடுவார்கள்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அதே தண்ணீர் டைலை 3க்கு 3 கட்டமாக அடுக்கி, ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, நடு டைலின் நான்கு விளிம்புகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் முறையில் ஒருமுறை, ஒரே கடிகாரத்தில் ஒருமுறை. அதன் பிறகும் உங்கள் கருத்து மாறாவிட்டால் அடுத்த வகுப்புக்கு வாருங்கள், பிள்ளைகள் முன்னால் இரண்டு குளத்தையும் ஒரே திரையில் ஓட்டுவோம். மாறினால் அந்தப் பாடக் குறிப்பைத் திருத்தி அவர்களுக்கே அனுப்புங்கள். அவர்கள் இன்னும் அதை வைத்துத்தான் டைல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.