டிரான்ஸ்பார்மர் பொரிந்தால்



மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் பியூஸ் பகுதியில் தீப்பொறி பறந்தது. மூங்கில் கழியால் தட்டினால் சரியாகும் என்று ஒருவர் கிளம்பினார். மேலே ஓடுவது 11,000 வோல்ட். ஈரக் கழி மின்சாரத்தைக் கடத்தும். கம்பமும் கம்பிவேலியும்கூட ஷாக் அடிக்கலாம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து மெல்லிய, சீரான ரீங்காரம் வருவது இயல்பு. அது திடீரென உரத்தாலோ, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தாலோ கோளாறு. அடியில் எண்ணெய்க் கறை பரவினால் அதையும் அலட்சியம் செய்யக்கூடாது. உள்ளிருக்கும் சுருள்களைக் குளிர்விப்பதும், மின்கசிவைத் தடுப்பதும் அந்த எண்ணெய்தான். அது குறைந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

அருகே போகாமல், உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தையோ, 24 மணி நேரமும் இயங்கும் மின்னகத்தையோ (94987 94987) அழையுங்கள். மின் கட்டண இணைப்பு எண்ணையும், தூரத்திலிருந்தே தெரிந்தால் கம்பத்தில் எழுதிய டிரான்ஸ்பார்மர் எண்ணையும் சொன்னால் இடம் குழம்பாது. தீப்பிடித்தால் 101-க்கும் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊழியர் வந்து லைனை நிறுத்தும்வரை பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எழுத்து அழிந்துபோன டிரான்ஸ்பார்மர் எண்களை மின்வாரியம் பெரிதாகத் திரும்ப எழுத வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை